எதிர்பார்த்ததைவிட ஆஃபர் ஏன் குறைகிறது? காரைக்குடிப் பக்கம் ஹோட்டல் வேலைக்கு வருபவர்கள் கேட்கும் கேள்விகள்

காரைக்குடிக்குப் பக்கத்தில், பழைய நகரத்தார் வீட்டில் நடக்கும் ஹெரிடேஜ் ஹோட்டல் ஒன்றில் ஹெச்.ஆர். வேலை பார்க்கிறேன். நேர்காணல் நன்றாகப் போய், ஆஃபர் தொகையைச் சொன்னதும் எதிரில் இருப்பவரின் முகம் மாறிவிடும். அதற்குப் பிறகு அவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். தேவகோட்டையைச் சேர்ந்த ஒரு தம்பி, சென்னையில் பெரிய ஹோட்டலில் இருந்தவர், எங்களிடம் ஃப்ரண்ட் ஆபீஸ் சூப்பர்வைசர் வேலைக்கு வந்தபோது எல்லாக் கேள்விகளையும் விடாமல் கேட்டார். அவர் கணக்கையே எடுத்துக்கொண்டு பதில் எழுதியிருக்கிறேன். யாரென்று தெரிந்துவிடாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன்.

"மேடம், நான் கைக்கு 45,000 கேட்டேன். நீங்க 40,000 சி.டி.சி. சொல்றீங்க. என் வேலைக்கு மதிப்பு இவ்வளவுதானா?"

இல்லை தம்பி. நேர்காணலில் நீங்கள் எப்படிப் பேசினீர்கள் என்பதை வைத்து அந்தத் தொகை வரவில்லை. நீங்கள் வருவதற்கு முன்பே அது கிட்டத்தட்ட முடிவாகிவிட்டது.

எங்களிடம் ஒவ்வொரு பதவிக்கும் ஒரு சம்பள வரம்பு உண்டு. சூப்பர்வைசருக்குப் பிடித்தத்துக்கு முந்தைய மாதச் சம்பளம் 30,000 முதல் 42,000 வரை. அந்த வரம்புக்குள் புதிதாக வருபவரை எங்கே வைப்பது என்று பார்க்கும்போது, அதே பதவியில் ஏற்கெனவே இருப்பவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பதைத்தான் முதலில் பார்ப்போம். இங்கே ஆறு வருடமாக இருக்கும் சூப்பர்வைசர் ஒருவருக்கு 38,500. உங்களுக்கு நாங்கள் சொன்ன 40,000 சி.டி.சி. என்பது ஹோட்டல் உங்களுக்காகச் செலவழிக்கும் மொத்தம்; அதே கணக்கில் பார்த்தால் அது 37,238. நீங்கள் கேட்டபடி கைக்கு 45,000 வர வேண்டுமானால் மொத்தச் சம்பளம் 47,000 தாண்ட வேண்டும். உங்களுக்கு மேலே இருக்கும் டியூட்டி மேனேஜருக்கே 46,000தான்.

சம்பளத்தை ரகசியமாக வைக்கச் சொல்வோம், ஆனால் ஸ்டாஃப் குவார்ட்டர்ஸில் அது ஒரு மாதம் தாங்காது. தெரிந்த மறுநாள் அந்த சீனியர் என் முன்னால் வந்து நிற்பார், அவர் கேட்பது நியாயமாகவும் இருக்கும். உங்கள் ஒருவருக்குக் கிட்டத்தட்ட பத்தாயிரம் கூட்டினால் கூடவே இன்னும் மூன்று பேருக்குக் கூட்ட வேண்டிவரும். நிர்வாகம் வேண்டாம் என்று சொல்வது அந்த மொத்தத் தொகையைப் பார்த்துத்தான்.

'பட்ஜெட் இல்லை' என்று பல இடங்களில் ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அந்த ஒரு வரிக்குள் மூன்று வேறு காரணங்கள் ஒளிந்திருக்கலாம்: பதவியின் வரம்பு இடிக்கிறது, உள்ளே இருப்பவர்களோடு ஒப்பீடு இடிக்கிறது, அல்லது உங்கள் அனுபவத்தைக் குறைத்து எண்ணியிருக்கிறார்கள். எது என்று கேளுங்கள். முதல் இரண்டும் பேசி நகர்வது அபூர்வம். மூன்றாவதைப் பேசி மாற்றலாம்.

"அனுபவத்தைக் குறைச்சு எண்ணுறதுன்னா? எனக்கு ஆறு வருஷம் சர்வீஸ் இருக்கே?"

ஆறு வருடத்தில் முதல் இரண்டு வருடம் நீங்கள் ரெஸ்டாரண்டில் சர்வீஸ் பார்த்தீர்கள். ஃப்ரண்ட் ஆபீஸில் இருந்தது நாலு வருடம். இந்த வேலைக்கு அந்த நாலைத்தான் முழுதாக எண்ணினோம்.

இதில் மறுத்துப் பேச இடம் உண்டு. எங்களைப் போன்ற சிறிய இடத்தில் சூப்பர்வைசர் ரிசப்ஷன் மேஜைக்குப் பின்னாலேயே நிற்க முடியாது. வீட்டு உள்முற்றமான வளவில் வாழை இலை போட்டு விருந்து நடக்கும் நாளில் பரிமாறும் இடத்தையும் பார்க்க வேண்டும். ஆகவே, "அந்த இரண்டு வருடம் உங்களுக்கு இந்த இந்த வேலையில் பயன்படும்" என்று குறிப்பாகச் சொன்னால் மறுபடி எண்ணிப் பார்ப்போம். அதேபோல, செட்டிநாட்டுக்கு பிரான்ஸிலிருந்து வரும் பயணிகள் அதிகம். பிரெஞ்சு ஓரளவு பேசத் தெரிந்தவருக்குத் தனியாக மொழிப்படி தர எங்களுக்கு வழி இருக்கிறது. அது வரம்புக்குள் வராது. இந்தத் தம்பிக்கு பிரெஞ்சு தெரியாது, ரெஸ்டாரண்ட் அனுபவத்தை நாங்கள் முன்பே பாதி சேர்த்திருந்தோம். அதனால் அவர் விஷயத்தில் தொகை மாறவில்லை.

"40,000 சி.டி.சி.ன்னா கைக்கு எவ்வளவு வரும்? அதை நேரா சொல்லுங்க."

35,230. வரும் வழியைச் சொல்கிறேன்.

மாதம் 40,000 என்பது உங்களுக்காக ஹோட்டல் செலவழிக்கும் மொத்தம். அதில் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 20,000. சட்டம் கேட்கும் பாதி இது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பில், சம்பளம் என்று கணக்கிடப்படும் பகுதி மொத்தத்தில் பாதிக்குக் குறையக் கூடாது என்று இருக்கிறது.

முதலில் அந்த 40,000-இலிருந்து ஹோட்டல் தன் பங்குக்குக் கட்டும் பி.எஃப். 1,800 போகும். பி.எஃப். சட்டத்தின் சம்பள உச்சவரம்பு 15,000, அதில் 12 சதவீதம். இந்த 1,800 முழுதும் உங்கள் பி.எஃப். கணக்கில் சேரும் என்று நினைக்க வேண்டாம். 1,250 ஓய்வூதியத் திட்டத்துக்குப் போய்விடும், 550தான் கணக்கில் சேரும். அடுத்து பணிக்கொடைக்கு ஒதுக்குவது 962. இந்த இரண்டும் போக 37,238. ஆஃபர் லெட்டரில் 'கிராஸ்' என்று இருப்பது இதுதான்.

அதிலிருந்து உங்கள் பங்கு பி.எஃப். இன்னொரு 1,800 பிடிப்போம். தொழில்வரி அரையாண்டுக்கு 1,250, மாதத்துக்குப் பிரித்தால் ஏறக்குறைய 208. மீதி 35,230. இந்தச் சம்பளத்துக்குப் புதிய முறையில் வருமான வரி வராது.

பணிக்கொடையைப் பற்றி இன்னொன்று. நிரந்தரப் பணியாளருக்கு ஐந்து வருடத் தொடர் சர்வீஸ் முடிந்தால்தான் அது கைக்கு வரும். இரண்டு வருடத்தில் கிளம்பிவிடுவேன் என்று உங்கள் மனதில் இருந்தால், அந்த மாதம் 962-ஐ உங்கள் சம்பளமாக எண்ணாதீர்கள். இரண்டு ஆஃபர்களை ஒப்பிடும்போதும் சி.டி.சி.யை சி.டி.சி.யோடு வைத்துப் பார்ப்பது ஏமாற்றும். ஒரு இடத்தில் பணிக்கொடையும் இன்சூரன்ஸும் உள்ளே இருக்கும், இன்னொரு இடத்தில் வெளியே இருக்கும். கைக்கு வருவதைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

"இப்பவே எனக்கு 34,000 வருது. ஆயிரத்துச் சொச்சத்துக்காக நான் சென்னையை விட்டு வரணுமா?"

இந்தக் கேள்விக்காக அவருடைய பே ஸ்லிப்பையும் பேங்க் ஸ்டேட்மென்ட்டையும் இருவரும் சேர்ந்து பார்த்தோம். கடைசி மூன்று மாதம் வரவாகியிருந்தது 36,200, 31,400, 34,400. சராசரி 34,000 சரிதான். ஆனால் மூன்று மாதமும் மாறாமல் வந்தது 29,600 மட்டும். மற்றதெல்லாம் சர்வீஸ் சார்ஜில் வந்த பங்கும், பெரிய அறைக்கு மாற்றி விற்றதற்கான ஊக்கத்தொகையும். ஒரு மாதம் 6,600 வந்திருக்கிறது, அடுத்த மாதம் 1,800தான்.

நாங்கள் ஒப்பிடுவது நிலையான தொகையை நிலையான தொகையோடு. 29,600-இலிருந்து 35,230 என்றால் 19 சதவீதம் உயர்வு. அவர் பார்வையில் அது மூன்று, நாலு சதவீதம். இருவர் கணக்கும் பொய் இல்லை. அதனால்தான் இந்த இடத்தில் பேச்சு கசந்துபோகிறது: ஹெச்.ஆர். '19 சதவீதம் கொடுத்திருக்கிறோமே' என்பார், வந்தவர் 'ஆயிரம் ரூபாய்தானே' என்பார். எந்தத் தொகையை அடிப்படையாக வைத்தோம் என்பதை முதலிலேயே இருவரும் பேசிவிட வேண்டும்.

சர்வீஸ் சார்ஜை நாங்கள் ஆஃபரில் காட்டுவதில்லை. ஹோட்டல்களும் உணவகங்களும் அதை பில்லில் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-இல் வழிகாட்டுதல் கொடுத்தது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. விருந்தினர் விருப்பப்பட்டுக் கொடுப்பதை எல்லோருக்கும் பிரித்துத் தருகிறோம், ஆனால் இவ்வளவு வரும் என்று எழுதித் தர முடியாது. சர்வீஸ் சார்ஜையும் சேர்த்து ஒரு பெரிய தொகையை யாராவது உங்களிடம் சொன்னால், அதில் நிலையானது எவ்வளவு என்று கேளுங்கள்.

"சென்னையில கொடுக்கிறதை இங்க ஏன் கொடுக்க முடியாது? ரூம் வாடகை இங்கயும் ஏழாயிரம், எட்டாயிரம்தானே?"

ஒரு இரவு வாடகை பெரிதுதான். ஆனால் எங்களிடம் இருப்பது 28 அறை. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை நன்றாக ஓடும். ஏப்ரல், மே வெயிலில் நாலைந்து அறையில் ஆள் இருந்தால் பெரிய விஷயம். அறை காலியாக இருக்கும் மாதத்திலும் சம்பளம் போட வேண்டும், அதனால் நிலையான சம்பளத்தை மோசமான மாதத்தை மனதில் வைத்துத்தான் தீர்மானிக்கிறார்கள்.

இந்தப் பழைய வீட்டைப் பராமரிக்கும் செலவும் சேர்கிறது. ஐப்பசி மழைக்கு முன்னால் ஓடு மாற்ற வேண்டும். சுண்ணாம்புச் சுவர் எங்கே ஊறுகிறதோ அங்கே பழைய முறையில் பூசத் தெரிந்த கொத்தனாரைத் தேட வேண்டும், சிமென்ட் பூசினால் இன்னும் கெட்டுப்போகும். ஆத்தங்குடிக் கல் ஒன்று பெயர்ந்தால் அதே பூவேலையில் கையால் வார்க்கச் சொல்லிக் காத்திருக்க வேண்டும். இந்தப் பக்கத்து வீடுகள் பலவற்றில் பங்காளிகள் பலருக்கு உரிமை இருக்கும், குத்தகைப் பணம் அத்தனை பேருக்கும் போகும். 150 அறை உள்ள நகரத்து ஹோட்டலுக்கு இந்தச் செலவுகள் இல்லை.

இவை எல்லாம் உண்மை. ஆனாலும் இதைக் காட்டி எந்தத் தொகையையும் நியாயப்படுத்தலாம் என்று நான் நினைக்கவில்லை. உள்ளூர் ஆட்கள் குறைந்த சம்பளத்துக்குக் கிடைப்பார்கள் என்ற பழைய எண்ணமும் இந்தத் தொழிலில் இருக்கிறது. கேட்டரிங் படித்த பிள்ளைகளில் பலர் சென்னைக்கும் வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் போய்விடுவதால், நாலைந்து வருடம் தேர்ந்த சூப்பர்வைசர் இந்தப் பக்கம் கிடைப்பது கஷ்டம். ஆரம்ப நிலை வேலைக்குப் பேரம் பேச அதிக இடம் இல்லை, சூப்பர்வைசருக்கு இருக்கிறது.

"சாப்பாடும் தங்கற இடமும் ஃப்ரீன்னு சொல்றீங்க. அதையும் சம்பளமா கணக்குப் பண்ணிக்கணுமா?"

உங்கள் நிலையைப் பொறுத்தது. இந்தத் தம்பி வேளச்சேரியில் நண்பர்களோடு அறை எடுத்திருந்தார். வாடகைப் பங்கும் மெஸ் செலவும் மாதம் 12,000 ஆனது. அது போக அவருக்கு மிஞ்சியது 22,000. இங்கே மூன்று வேளைச் சாப்பாடும் குவார்ட்டர்ஸும் இருப்பதால் 35,230-இல் பெரும்பகுதி மிஞ்சும். அவருக்கு இந்தக் கணக்கு பொருந்தும்.

மனைவிக்குச் சென்னையில் வேலை, பிள்ளைக்கு அங்கே பள்ளி என்றால் பொருந்தாது. அங்கே வாடகையும் ஓடும், நீங்கள் மட்டும் பல்லவன் ரயிலில் வந்து போய்க்கொண்டு இருப்பீர்கள். அப்படிப்பட்டவரிடம் இலவசச் சாப்பாட்டைக் காட்டி ஆஃபரை நல்லதாக்கிச் சொல்வது சரியில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சாப்பாடும் குவார்ட்டர்ஸும் பே ஸ்லிப்பில் ரூபாயாக வராது. வீட்டுக் கடனுக்கு பேங்க் பார்ப்பதும், அடுத்த ஹோட்டல் பார்ப்பதும் பே ஸ்லிப்பைத்தான். இரண்டு வருடம் கழித்து வேறு இடம் தேடும்போது 37,238-இலிருந்துதான் பேச்சு தொடங்கும்.

அப்புறம் பிரேக் ஷிஃப்ட். காலை ஏழு முதல் பதினொன்று, பிறகு மாலை ஐந்து முதல் ஒன்பது என்று பிரித்துப் போடுவார்கள். குவார்ட்டர்ஸில் இருப்பவருக்கு நடுவில் தூக்கம் கிடைக்கும், வெளியிலிருந்து வருபவருக்கு அந்த ஆறு மணி நேரம் வீண். வாரத்தில் எத்தனை நாள் பிரேக் ஷிஃப்ட் என்று ஆஃபர் பேசும்போதே கேளுங்கள்.

"சரி, மாதச் சம்பளம் நகராதுன்னா வேற எதைக் கேட்கலாம்?"

ஒரே தடவை கொடுப்பதையும், பிறகு கொடுப்பதையும். இந்த இரண்டும் வரம்பைத் தொடாததால் எங்களால் முடிவெடுக்க முடியும். அன்றைக்கு நடந்த பேச்சை அப்படியே தருகிறேன்.

"தம்பி, உங்க நோட்டீஸ் பீரியட் எவ்வளவு?"

"அறுபது நாள் மேடம். இப்ப பேப்பர் போட்டா நவம்பர் பத்துக்கு மேலதான் விடுவாங்க."

"அக்டோபர் பதினைந்துக்குள்ள வர முடியுமா? சீசன் ஆரம்பிக்கிறதுக்கு முன்னால ஆளைப் பழக்கணும்."

"வரலாம். மிச்ச நாளுக்குப் பணம் கட்டச் சொல்வாங்க. இருபத்தஞ்சாயிரம் கிட்ட ஆகும்."

அந்த 25,000-ஐ ஜாயினிங் போனஸாகக் கொடுக்க ஒரே நாளில் ஒப்புதல் வாங்கிவிட்டேன். மாதம் இரண்டாயிரம் கூட்டச் சொல்லியிருந்தால் வருடத்துக்கு 24,000தான் ஆகியிருக்கும், ஆனாலும் கிடைத்திருக்காது. மாதச் சம்பளத்தில் ஏறும் இரண்டாயிரம் ஒவ்வொரு வருடமும் தொடரும், மற்றவர்களோடு ஒப்பீட்டுக்கும் வரும். ஒரு தடவைப் பணத்துக்கு அந்தச் சிக்கல் இல்லை. ஒரு நிபந்தனை உண்டு: ஒரு வருடத்துக்குள் விலகினால் திருப்பித் தர வேண்டும். அப்படித் திருப்பும்போது முழுத் தொகையா, வேலை பார்த்த மாதங்களைக் கழித்த தொகையா என்பதைக் கேட்டுக்கொள்ளுங்கள். அவர் கேட்டார், கழித்த தொகை என்று எழுதிக் கொடுத்தோம்.

பிறகு கொடுப்பது என்றால் சம்பள உயர்வு. எங்களிடம் ஏப்ரலில் எல்லோருக்கும் உயர்வு வரும். ஆனால் அக்டோபர் முதல் தேதிக்குப் பிறகு சேர்ந்தவர்களுக்கு அந்த ஏப்ரல் கிடையாது. பல நிறுவனங்களில் இப்படி ஒரு விதி இருக்கிறது, யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அதாவது அக்டோபர் பதினைந்தில் சேரும் ஒருவர் முதல் உயர்வுக்கு ஒன்றரை வருடம் காத்திருக்க வேண்டும். சீசனுக்காக அவசரப்பட்டு வரச் சொன்னது நாங்கள், அதற்கு அவர் காத்திருப்பது நியாயமில்லை. ஆகவே அவரையும் வரும் ஏப்ரல் மதிப்பீட்டில் சேர்ப்பதாக லெட்டரில் ஒரு வரி சேர்த்தோம். 37,238-க்கும் 42,000-க்கும் நடுவில் இடம் இருக்கிறது. மற்றவர்களுக்கும் அதே மாதம் ஏறுவதால் ஒப்பீடும் இடிக்காது.

"வேற ஹோட்டல்ல 44,000 சொல்லியிருக்காங்கன்னு சொன்னா ஏத்துவீங்களா?"

உண்மையான ஆஃபர் என்றால் காட்டுங்கள். அதைப் பார்த்து வரம்பின் மேல் பக்கம் கொஞ்சம் தள்ளலாம். ஆனால் 42,000 கிராஸ் தாண்டாது. வரம்புக்கு வெளியே இருந்தால் "அங்கே போங்கள் தம்பி" என்றுதான் சொல்வேன், கோபத்தில் அல்ல.

இல்லாத ஆஃபரைச் சொல்ல வேண்டாம். பே ஸ்லிப்பைத் திருத்துவது அதைவிட ஆபத்து. சேரும்போது பழைய இடத்தின் ரிலீவிங் லெட்டரையும் கடைசி மூன்று மாத ஸ்டேட்மென்ட்டையும் கேட்போம். பொருந்தாவிட்டால் பழைய வேலையை விட்டுவிட்ட பிறகு இந்த வேலையும் கையில் இருக்காது.

"அப்ப எப்ப வேண்டாம்னு சொல்றது சரி?"

நிலையான தொகை இப்போது வாங்குவதைவிடக் குறைந்தால். குடும்பம் வேறு ஊரில் இருந்து இரண்டு வீட்டுச் செலவு ஆகும் என்றால். "ஆறு மாதத்தில் பார்த்துச் செய்கிறோம்" என்று வாயால் மட்டும் சொல்லி, எழுதித் தர மறுத்தால். மூன்றாவதை நான் மிகவும் முக்கியமாக நினைக்கிறேன். அன்று உங்களிடம் பேசிய ஹெச்.ஆர். ஆறு மாதம் கழித்து அந்த நாற்காலியில் இருக்காமல் போகலாம், எழுத்தில் இல்லாததை அடுத்து வருபவர் செய்ய மாட்டார்.

ஆஃபர் லெட்டர் வந்த பிறகு யோசிக்க இரண்டு நாள் கேட்பதில் தவறே இல்லை. பதில் சொல்லாமல் போனை எடுக்காமல் இருப்பதுதான் எங்களைத் தடுமாற வைக்கிறது. வேண்டாம் என்றால் ஒரு மெசேஜ் போதும், அடுத்த சீசனில் மறுபடி கூப்பிடுவோம்.

"லெட்டர்ல கையெழுத்துப் போடறதுக்கு முன்னால எந்த வரியெல்லாம் பார்க்கணும்?"

முதலில் சம்பளப் பிரிவு அட்டவணை லெட்டரோடு இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் வருடத் தொகை 4,80,000 என்று மட்டும் இருந்தால் அட்டவணை கேளுங்கள். அதில் அடிப்படைச் சம்பளம், கிராஸ், உங்கள் பி.எஃப். பங்கு, ஹோட்டலின் பங்கு நான்கும் தனித்தனியாக இருக்க வேண்டும்.

இந்தச் சம்பளம் 21,000-க்கு மேல் என்பதால் இ.எஸ்.ஐ. கிடையாது. அதனால் குழு மருத்துவக் காப்பீடு இருக்கிறதா, அதில் அப்பா அம்மாவைச் சேர்க்கலாமா என்று கேளுங்கள். எங்களிடம் மனைவி, பிள்ளைகளுக்கு உண்டு, பெற்றோருக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும்.

குவார்ட்டர்ஸ் என்று எழுதியிருந்தால் தனி அறையா, பகிர்ந்து தங்குவதா என்பதும் இருக்கட்டும். கடைசியாக நோட்டீஸ் பீரியட். தகுதிகாண் காலத்தில் 15 நாள், பிறகு 60 நாள் என்பது எங்கள் வழக்கம். அந்தத் தம்பி இதைப் பார்த்துவிட்டு, "ஹோட்டல் என்னை அனுப்பினாலும் இதே அறுபது நாளா?" என்று கேட்டார். இரு பக்கமும் ஒன்றுதான் என்று லெட்டரின் ஏழாவது பத்தியைக் காட்டினேன். படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.